வாளை வாழையாகும் மேடை

வாளை மீன், வாழை மரம். மன்னார்த் தீவின் சந்தையில் இரண்டுக்கும் ஒரே ஒலிதான். "வாளப்பளம் சீப்பு என்ன விலை?" என்று கேட்ட வாய், நாலு எட்டு நடந்து போய் "சாவாளை கிலோ எவ்வளவு போகுது?" என்றும் கேட்கும். விற்கிறவருக்கும் குழப்பமில்லை, வாங்குகிறவருக்கும் இல்லை. ழகரம் ளகரத்தோடு கலந்துபோனது மன்னாரின் தனிக் குறையும் அல்ல. யாழ்ப்பாணத்திலும், பாக்கு நீரிணையின் அக்கரையில் இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களிலும் பேச்சுத் தமிழ் இப்படித்தான். சென்னைப் பக்கம் அது யகரமாகி 'வாயப்பயம்' ஆகிவிடும். ழகரத்தை நாக்கில் வைத்திருக்கிற தமிழரைவிட ஏட்டில் மட்டும் வைத்திருக்கிற தமிழரே அதிகம் என்று சொல்லிவிடலாம்.

அதே ஆள் ஒரு நாள் மேடை ஏறுகிறார். கூட்டுறவுச் சங்கக் கூட்டமாக இருக்கலாம், பாடசாலைப் பரிசளிப்பு விழாவாக இருக்கலாம், ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கும் முறையாகவும் இருக்கலாம். மைக்கைப் பிடித்ததும் "அன்பான சகோதர சகோதரிகழே" என்று தொடங்குகிறார். 'அளவு' அவர் வாயில் 'அழவு' ஆகிறது, 'தெளிவு' 'தெழிவு' ஆகிறது, 'வளர்ச்சி' 'வழர்ச்சி' ஆகிறது. நாக்கை மடித்து, கொஞ்சம் நிறுத்தி, அழுத்திச் சொல்கிறார். கேட்கிறவர்களில் பாதிப் பேர், "என்ன சுத்தமான தமிழ்" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மொழியியலில் இதை மிகைத்திருத்தம் என்பார்கள். பிழை என்று அஞ்சி ஒன்றைத் திருத்தப் போனவர், பிழையில்லாத இடத்தையும் சேர்த்துத் திருத்திவிடுவதுதான் அது. அறியாமையால் வருகிற பிழையோடு இதைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஒன்றும் தெரியாதவருக்கு இந்தப் பிழை வரவே வராது. 'ழ என்று ஒரு எழுத்து உண்டு, அதைச் சொல்லாவிட்டால் சிரிப்பார்கள்' என்ற பாடம் மண்டையில் ஏறியிருந்தால்தான் வரும். அந்தப் பாடத்தின் மறுபாதி, அதாவது எந்தெந்தச் சொல்லில் ழ, எந்தெந்தச் சொல்லில் ள என்பது, அவருக்குச் சொல் சொல்லாக வாய்க்கவில்லை. விதி கைக்கு வந்துவிட்டது, பட்டியல் வரவில்லை.

இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். பேசாலைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பம் ஒன்றில் பிறந்து, உயர்தரம் படித்து, சங்கச் செயலாளராகிவிட்ட ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "உறுப்பினர்களே, இந்த ஆண்டு வாளையும் விளைமீனும் அளவாகவே பிடிபட்டன; நம் தொழிலாளர்களின் வாழ்க்கை வளம் பெற வேண்டும்." இதில் ழ, ள இரண்டும் சேர்ந்து ஒன்பது இடங்களில் வருகின்றன. 'தொழிலாளர்' என்ற சொல்லின் முற்பாதியில் ஒரு ழ, 'வாழ்க்கை'யில் ஒரு ழ. மிச்சம் ஏழும் ளகரம். உறுப்பினர்களே, வாளை, விளைமீன், அளவு, வளம் ஆகியவற்றில் ஒவ்வொன்று. தொழிலாளர்களின் என்பதில் இரண்டு.

செயலாளர் இதை வீட்டில் பேசுவதுபோலவே ஒன்பது இடத்திலும் ளகரமாகச் சொல்லியிருந்தால் ஏட்டுக் கணக்கில் இரண்டு பிழை. எல்லாவற்றையும் ழகரமாக்கினால் ஏழு பிழை. எவரும் அத்தனையையும் மாற்றிவிடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் பாதியை மாற்றினாலும் அவர் நட்டத்தில்தான் நிற்கிறார். தமிழ் எழுத்தில் ளகரத்தின் புழக்கம் ழகரத்தைவிட மிக அதிகம். பன்மை விகுதியான 'கள்' ஒன்றே போதும் கணக்கைச் சாய்க்க. ஆகவே ஐயம் வந்தால் ழகரம் என்று பந்தயம் கட்டுகிறவர் பெரும்பாலும் தோற்கிறார்.

தோற்கிற பந்தயத்தை ஏன் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள்? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இந்த இடம்தான். எழுத்துக் கணக்கில் தோல்வியாக இருப்பது சமூகக் கணக்கில் அப்படியில்லை. 'தமிள்', 'வாள்க்கை' என்றால் முன்வரிசையில் ஒரு புன்னகை ஓடும். பிறகு தேநீர்க் கோப்பையோடு அதைச் சொல்லிக் காட்டவும் ஆள் இருக்கும். 'அழவு', 'வழம்' என்றால் பெரும்பாலும் எவரும் சிரிப்பதில்லை. பலருக்கு அது பிழையென்றே காதில் விழாது, விழுந்தவருக்கும் அது படித்த பிழையாகத்தான் படும். ஒரு பக்கம் தண்டனை உண்டு, மறுபக்கம் இல்லை. இப்படி ஒருபக்கமாகச் சாய்ந்த களத்தில் பயந்தவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்கத் தேவையில்லை. இது மடமையல்ல, நியாயமான கணிப்பு. மடமை இருந்தால் அது தண்டனையை இப்படி வைத்த சபையில்தான் இருக்கிறது.

அதற்காக இந்தப் பிழை கண்ட இடத்திலெல்லாம் முளைப்பதுமில்லை. தமிழில் ழகரம் இரட்டிப்பதில்லை, 'ழ்ழ' என்று எந்தச் சொல்லிலும் கிடையாது. ஆகவே பள்ளிமுனை என்ற ஊர்ப் பெயரும், 'வெள்ளம்', 'கொள்ளை', 'உள்ளே' போன்ற சொற்களும் எவ்வளவு படபடப்பான பேச்சாளர் வாயிலும் பத்திரமாக இருக்கின்றன. க, ச, த, ப என்ற வல்லின எழுத்துகளுக்கு முன்னால் இயல்பான தமிழ்ச் சொல்லுக்குள் ளகரம் பெரும்பாலும் நிற்பதில்லை, அது டகரமாகத் திரிந்துவிடும். வாழ்க்கை, வாழ்த்து, சூழ்ச்சி, தாழ்ப்பாள் என்று அங்கே நிற்பது ழகரம்தான். அந்த இடத்தில் ழகரத்துக்குப் பந்தயம் கட்டினால் வெற்றி. இரண்டு உயிர்களுக்கு நடுவே தனியாக நிற்கும் இடத்திலும் சொல்லின் கடைசியிலும்தான் ஆபத்து: குளம், களம், இளைஞர், மேளம், விளக்கம், பொருள், மக்கள். வானிலை அறிவிப்பை வாசிக்கும் மாணவர் 'வளிமண்டல'த்தை 'வழிமண்டலம்' ஆக்குவதும் இங்கேதான். வளி காற்று, வழி பாதை. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களாக இருப்பதால் பிழை இன்னும் பதுங்கிக்கொள்கிறது.

கடற்கரைச் சொற்களில் ஒரு வேடிக்கை உண்டு. வாளை, விளைமீன், கீளி, அறக்குளா என்று மீன் பெயர்களில் ளகரம் நிறைந்து கிடக்கிறது. கரைவலை இழுக்கிறவர் இவற்றை ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை; சொல்லவும் முடியாது, அவருக்கு எல்லாம் ளகரம்தானே. அவருடைய மகன் கடற்றொழில் அலுவலராகி, பவர்பாயிண்ட் திரைக்கு முன்னால் நின்று 'விழைமீன்' என்கிற அன்றைக்குத்தான் அந்த மீனுக்கு முதல் தடவையாகப் பெயர் பிசகுகிறது. தென்மேற்குக் காற்றின் பெயரோ அச்சிலேயே சோளகம் என்றும் சோழகம் என்றும் இரண்டு விதமாகவும் கிடக்கிறது. அதில் எதைச் சொன்னாலும் எவரும் கேட்க முடியாது. அந்தக் காற்றாவது நிம்மதியாக வீசட்டும்.

ஒருவர் சொல்வது மிகைத்திருத்தமா, அவருடைய ஊர் வழக்கா என்று பிரித்தறிய எளிய வழி, அவரை இரண்டு இடங்களில் கேட்பதுதான். வழக்கென்றால் வீட்டிலும் இருக்கும், கோபத்திலும் இருக்கும், தூக்கக் கலக்கத்திலும் இருக்கும். மிகைத்திருத்தம் மேடையில் மட்டும்தான் தலைகாட்டும். "உறுப்பினர்கழே" என்று முழங்கிய செயலாளருக்கு நடுவில் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், "பிள்ளையள் சாப்பிட்டிட்டுதுகளோ?" என்று கேட்பார். அங்கே எல்லாம் ளகரம், எல்லாம் சரி. இன்னொரு அடையாளம், அந்த எழுத்துக்குச் சற்று முன்னால் விழும் நூலிழை நிறுத்தம். பழகிய ஒலியை யாரும் தயங்கித் தொடுவதில்லை.

இது மன்னாருக்கு மட்டும் உரிய நோய் என்று சொல்லவில்லை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் உரோமைக் கவிஞர் கட்டுல்லஸ் அர்ரியஸ் என்ற ஒருவரை ஒரு கவிதை முழுக்கக் கேலி செய்தார். இல்லாத இடத்திலெல்லாம் ஹகரத்தைச் சேர்த்துப் பேசியதுதான் அந்த மனிதர் செய்த குற்றம். ஆனாலும் இந்தப் பிழை எவருக்கு வருகிறது என்பதை முதன்முதலில் எண்ணிக் காட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ். நியூயார்க்கில் 'கார்' போன்ற சொற்களில் உயிருக்குப் பின்வரும் ரகரத்தைச் சொல்வது மதிப்பாகவும் விழுங்குவது மட்டமாகவும் ஆகிவந்த காலம் அது. 1966இல் வெளியான தன் நூலில் அவர் காட்டியது இது: சாதாரணப் பேச்சில் மேல்தட்டாரே ரகரத்தை அதிகம் சொன்னார்கள், ஆனால் சொற்பட்டியலைக் கவனமாக வாசிக்கச் சொன்னபோது கீழ்நடுத்தர வகுப்பார் மேல்தட்டாரையும் தாண்டிப் போய்விட்டார்கள். ஏணியின் அடியில் நிற்பவர் கவலைப்படுவதில்லை, உச்சியில் இருப்பவருக்கும் கவலையில்லை. நடுப்படியில் காலை வைத்தவருக்குத்தான் கால் நடுங்குகிறது.

அந்த நடுக்கத்தை அளக்கவும் லபோவ் ஒரு சோதனை வைத்தார். பதினெட்டுச் சொற்களை ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் சொல்லிக் காட்டுவார். எது சரி என்று முதலில் கேட்பார், பிறகு நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்பார். இரண்டு பதில்களும் எத்தனை சொற்களில் வேறுபடுகின்றனவோ அதுவே அந்த ஆளின் மொழித் தாழ்வுணர்ச்சிக்கு அளவு. கீழ்நடுத்தர வகுப்பில்தான் அது மிகுதியாக இருந்தது. நுட்பமான சோதனை. அது பேச்சில் உள்ள பிழையைத் தேடவில்லை. 'என் வாயில் வருவது சரியாக இருக்க முடியாது' என்று ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறாரா என்பதைத்தான் தேடுகிறது.

மன்னாரில் இந்த நடுப்படியில் எவர் எவர் நிற்கிறார்கள் என்று பார்த்தால், இந்தத் தீவுக்கு அப்படி எத்தனை படிகள் என்பது புரியும். முதலாவது யாழ்ப்பாணம். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு 1970களின் முற்பகுதியில் வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் மன்னாரும் உண்டு. மீனவர், விவசாயி பிள்ளைகள் பலருக்குப் பல்கலைக்கழக வாசல் திறந்தது அப்படித்தான். திறந்த வாசலிலேயே ஒரு முத்திரையும் குத்தப்பட்டது. குறைந்த புள்ளியில் வந்தவர்கள் என்ற பேச்சு விடுதி அறை வரைக்கும் கூடவே வரும். அங்கே மன்னார்ப் பிள்ளை வாயைத் திறந்தால் முதலில் கவனிக்கப்படுவது பாடத்தில் உள்ள பலவீனமல்ல, பேச்சின் சாயல்தான். யாழ்ப்பாணத் தமிழே தூய தமிழ் என்ற எண்ணம் யாழ்ப்பாணத்துக்கு வெளியேதான் கூடுதல் வலு. கண்டிப் பாடசாலைகளை ஆராய்ந்து கிறிஸ்டினா டேவிஸ் 2020இல் வெளியிட்ட நூலிலும் அந்த மதிப்பீட்டின் நிழலைப் பார்க்கலாம். அதே யாழ்ப்பாணத்தாரும் வீட்டில் 'வாளப்பளம்'தான் சாப்பிடுகிறார்கள் என்பது மன்னார்ப் பிள்ளைக்கு இரண்டாம் வருடத்தில் தெரியவரும். அதற்குள் 'அழவு' பழகிவிட்டிருக்கும்.

இரண்டாவது படி கடலுக்கு அக்கரையில். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். போர்க்காலத்தில் இந்தக் கரையிலிருந்து படகேறி மண்டபம் முகாமுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்துத் திரும்பினார்கள். போகாதவர்களுக்குத் தொலைக்காட்சி இருக்கிறது. இந்தப் படியில் தடுக்குகிற எழுத்து வேறு: றகரம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே திருத்தம் மிகையானது மட்டுமல்ல, திசையே மாறிப் போகிறது.

காற்று, நேற்று, வெற்றி. இலங்கைத் தமிழர் இவற்றிலுள்ள 'ற்ற'வை நாக்கு நுனியை மேல்பல்லுக்குச் சற்று மேலே உள்ள முரசில் ஒற்றி, வெடிப்பொலியாகச் சொல்கிறார்கள். தகரத்துக்கும் டகரத்துக்கும் நடுவிலுள்ள ஒலி அது. ஆங்கிலேயரின் 'டீ'யில் வரும் முதல் ஒலியோடு அதற்கு நெருக்கம் அதிகம். அதனால்தான் ஈழத்து எழுத்தில் ஆங்கிலத்தின் அந்த ஒலி வந்தால் ரகர றகரங்களால் எழுதுகிற பழக்கம் வந்தது. ரீச்சர், ரயர், ரொறன்ரோ என்று எழுதியதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். வாசிக்கிற வாய்க்கு அது சரியாகத்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் அந்த ஒலி பெரும்பாலும் தகரமாகிவிட்டது: காத்து, நேத்து. ஏட்டைப் பார்த்து வாசிக்கும்போது அங்கே 'காட்ரு', 'வெட்ரி' என்கிறார்கள். தனி றகரத்தை ரகரம்போலச் சொல்கிற பழக்கத்தில், இரட்டித்த இடத்திலும் ஒரு ரகரத்தைக் கொண்டுவந்து ஒட்டுகிற வாசிப்பு அது.

தொல்காப்பியம் றகரத்தை வல்லினத்தில் வைக்கிறது. க, ச, ட, த, பவோடு சேர்ந்த வெடிப்பொலிதான் அது. மலையாளம் அதை இன்றும் காத்து வைத்திருக்கிறது, ஈழத் தமிழும்தான். பேசாலைக் கரையில் எழுத்தறியாத ஒரு கிழவி 'காற்று' என்று சொல்வது, தேசிய அரங்கில் 'காட்ரு' என்று முழங்குவதைவிடப் பழைய இலக்கணத்துக்கு அருகில் இருக்கிறது. ஆனால் மன்னார் இளைஞர் ஒருவர் வானொலியில் அறிவிப்பாளராகப் போக ஆசைப்பட்டால் முதலில் விடுவது இந்த ஒலியைத்தான். 'வெட்ரி' என்றால் அது ஊடகத் தமிழ், வீட்டில் சொல்வது மீன்வாடித் தமிழ் என்று அவருக்குப் படுகிறது. ழகரத்தில் தன்னிடம் இல்லாததைத் தேடிப்போய் அளவுக்கு மேல் அள்ளினார். றகரத்தில் கையில் இருந்ததையே மட்டமென்று எறிந்துவிட்டார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

டொக்டர், ஒஃபிஸ், கொலிஜ் என்று ஈழத்தில் ஒகரத்தால் சொன்னவை டாக்டர், ஆபீஸ், காலேஜ் என்று மாறிவருவதும் இதே கதைதான். பிரித்தானிய உச்சரிப்பில் அந்த உயிர் ஒகரத்துக்குத்தான் அருகில் இருக்கிறது. ஆகாரம் தமிழ்நாடு தனக்கென்று செய்துகொண்ட வழி. அவர்களுக்கு அது சரி. ஆனால் 'டொக்டர்' என்ற தன் தாயைத் திருத்துகிற மகள், இங்கிலீசைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு வேறொரு தமிழை அணிந்துகொள்கிறாள், அவ்வளவுதான்.

மூன்றாவது படியில் நிற்பவர்களின் கதைதான் எல்லாவற்றிலும் சிக்கலானது. 1990 ஒக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பெரும்பங்கு மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், முசலிப் பகுதி என்று ஊர் ஊராகப் போனார்கள். புத்தளம், கற்பிட்டிப் பக்கம் முகாம்களில் இருபது வருடம் வரைக்கும் கழிந்தது. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், பெற்றோர் 'ஊர்' என்று சொன்ன இடத்துக்குத் திரும்பியபோது அவர்களுடைய பேச்சில் புத்தளம் இருந்தது. புத்தளத்தில் அவர்கள் அகதிப் பிள்ளைகள், மன்னாரில் புத்தளத்துப் பிள்ளைகள். முஸ்லிம்களின் தமிழுக்கு ஏற்கெனவே 'சோனகத் தமிழ்' என்று ஒரு பெயர்; சொல்கிறவர் குரலில் அது பெரும்பாலும் பாராட்டாக இருக்காது. இலங்கை முஸ்லிம்களின் தமிழும் ஒழுங்கும் இலக்கணமும் உள்ள வழக்குதான் என்பதை எம். ஏ. நுஃமான் போன்ற மொழியியலாளர்கள் எழுதித்தான் காட்ட வேண்டியிருந்தது. இந்தப் பின்னணியில் அரச வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் மாவட்டச் செயலகத்துக் கூட்டத்தில் உம்மா, வாப்பாவை மறந்தும் உச்சரிக்காமல், வாக்கியத்தையெல்லாம் ஏட்டு வடிவில் முடித்துப் பேசினால், அது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எந்த ஊர்க் காதுக்கு எந்தச் சொல் உறுத்தும் என்று தெரியாதவருக்கு ஏட்டுத் தமிழ் ஒன்றுதான் ஆளற்ற நிலம்.

கடைசிப் படி ஆங்கிலம். 2009இல் போர் முடிந்தது. 2010இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் புதிய பாலம் திறந்தது, 2015இல் தலைமன்னார்த் துறைக்கு ரயில் திரும்பியது. இவற்றோடு தொண்டு நிறுவனங்களும் திட்ட அலுவலகங்களும் வந்தன. நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலம் கேட்டார்கள். இலங்கையில் ஆங்கில உச்சரிப்புக்கு ஒரு பொல்லாத பொறி நெடுங்காலமாகக் காத்திருக்கிறது. சிங்களத்திலும் தமிழிலும் ஒகரமும் ஓகாரமும்தான் உண்டு. கொழும்பு மேல்தட்டு ஆங்கிலத்திலோ அந்த இடத்தில், வாயைத் திறந்து சொல்லும் உயிர்களும் தனியாக இருக்கின்றன. மண்டபத்துக்கான ஆங்கிலச் சொல்லையும் துளைக்கான சொல்லையும் நம்மவர் 'ஹோல்' என்றே சொல்வார்கள். மேல்தட்டார் பிரித்துச் சொல்வார்கள். பிரிக்கத் தெரியாதவர் பேச்சுக்கு 'நொட் பொட்' ஆங்கிலம் என்று கேலிப் பெயர். இலங்கை ஆங்கிலம் பற்றிய 2005ஆம் ஆண்டு நூலில் மனிக் குணசேகர இதைப் பேசுகிறார். அதற்கும் இருபது வருடம் முன்னரே, சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த 'கடுவ', அதாவது வாள், என்ற பெயரையே தலைப்பாக்கி மொழியியலாளர் திரு கந்தையா கட்டுரை எழுதினார்.

அந்த வாளுக்குப் பயந்தவர் என்ன செய்கிறார்? ஓகாரமே ஆபத்து என்று முடிவு கட்டிக்கொண்டு, அது வரவேண்டிய இடத்திலும் வாயை அகலத் திறக்கிறார். துளை மண்டபமாகிறது, கிண்ணம் பந்தாகிறது. பகரத்துக்குப் பயந்து 'பேப்ப'ரை 'ஃபேப்பர்' ஆக்குவதும் இதன் உடன்பிறப்பு. 'அளவு' அழவானதற்கும் இதற்கும் ஒரு நூல் வித்தியாசமும் இல்லை. ஒரு ஒலியை விலக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், எங்கே விலக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 2009ஐ ஆங்கில, தகவல் தொழில்நுட்ப ஆண்டாக அரசாங்கம் அறிவித்து, ஆங்கிலத்தை எங்கள் வழியில் பேசுவோம் என்று ஒரு பிரசாரமும் நடத்தியது. நோக்கம் நல்லது. ஆனால் நேர்முகப் பரீட்சை மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவர் எந்த வழியில் பேசுகிறாரோ அந்த வழிதான் வேலை தேடுகிறவருக்கு வழி.

திரும்பவும் ழகரத்துக்கே வருகிறேன், ஏனென்றால் இவற்றில் ஒரு வகுப்பறையால் எளிதில் தீர்க்கக்கூடியது அதுதான். இப்போது நடப்பது என்ன? பிள்ளை 'வாளை மரம்' என்று வாசித்தால் ரீச்சர் நிறுத்துவார்: "மகள், ழ… நாக்கை மடிச்சுச் சொல்லும் பார்ப்பம்." பிள்ளை திருத்திச் சொல்லும், வகுப்பு கேட்டுக்கொண்டிருக்கும். அதே பிள்ளை அடுத்த பந்தியில் 'விழக்கம்' என்று வாசித்தால் பாடம் நிற்காமல் ஓடும். 'குளம்' என்று சரியாகச் சொன்னதற்காக எந்தப் பிள்ளையும் பாராட்டுப் பெற்றதில்லை, ஏனென்றால் அது பாராட்டுக்குரிய சாதனையாக எவருக்கும் தெரிவதில்லை. இப்படியே ஐந்து வருடம் போனால் பிள்ளைக்குக் கிடைக்கிற பாடம் 'சில சொற்களில் ழ' என்பதல்ல, 'ழ நல்லது, ள மட்டம்' என்பதுதான். ரீச்சரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவரும் அதே நடுப்படியில் நின்று, அதே மாதிரித் திருத்தப்பட்டு வந்தவர். இலங்கை ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். லபோவின் சோதனையில் தாழ்வுணர்ச்சி அளவு ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். பேச்சுக்காக எடைபோடப்படுவது அவர்களுக்குத்தான் அதிகம்.

மாற்ற வேண்டியது சிறியது. 'விழக்கம்' என்றாலும் 'வாளை மரம்' என்றாலும் ஒரே குரலில் நிறுத்த வேண்டும். நாக்கை மடிக்கச் சொல்லிக் கொடுக்க எடுக்கிற நேரத்தில் பாதியைச் சொற்களைச் சோடி சோடியாகக் காட்டச் செலவிடலாம்: குளி, குழி, கிளி, கிழி, வளி, வழி, வாளை, வாழை. ழகரம் இரட்டிக்காது என்பதையும், வல்லினத்துக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் ழகரமே என்பதையும், 'கள்' எங்கே வந்தாலும் ளகரம் என்பதையும் ஒரே பாடவேளையில் சொல்லி முடிக்கலாம். இந்த மூன்றாவது மட்டும் பதிந்துவிட்டாலே மன்னார் மேடைகளில் பாதி 'கழே' குறைந்துவிடும் என்பது என் கணிப்பு. மிச்சப் பாதிக்கு முன்வரிசைக்காரர்தான் பொறுப்பு. அவர்கள் சிரிப்பதென்றால் இரண்டு பக்கமும் சமமாகச் சிரிக்கட்டும்.